ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(வியாசர்பாடியில் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலி தந்து உதவிய வியாபாரிகள் சங்கத்து அண்ணன்மார்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அம்மா இந்த அரங்கைக் கேட்டவுடன் தந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைப்பது பற்றி இன்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். எவ்வளவு சேர்க்க வேண்டும், எதில் சேர்க்க வேண்டும், கல்விக் கடன் எங்கே இடிக்கும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று என் ஆத்தா சொல்லும். நாமும் அளக்கத்தான் செய்கிறோம், ஆனால் ரூபாய்ப் படியால் அளக்கிறோம். கல்லூரிக்காரன் டாலர்ப் படியால் அளந்து வாங்குகிறான்.

ஒரு கணக்கு பார்ப்போம். 2014 நடுவில் டாலர் ஏறத்தாழ 60 ரூபாய். அன்று ஒரு படிப்புக்கு 30,000 டாலர் என்றால் 18 லட்சம். கட்டணம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுவதாக வையுங்கள். பத்து ஆண்டில் அது 40,000 டாலர் ஆகிவிடும். 2024 நடுவில் டாலர் 83.50. பெருக்கிப் பாருங்கள், 33 லட்சத்து 40 ஆயிரம். கட்டணமும் ஏறுகிறது, டாலரும் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆறரை சதவீதத்துக்கு நெருக்கம். வங்கி டெபாசிட் வட்டியில் வருமான வரி போக மிஞ்சுவது இதை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடு. 2025 டிசம்பரில் டாலர் 90ஐயும் தாண்டியது. அதனால் இலக்கை டாலரில் எழுதிவையுங்கள். வருடம் ஒருமுறை, சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கும்போது, அன்றைய விலையால் பெருக்கி மாதத் தொகையைத் திருத்துங்கள்.

எதில் சேர்ப்பது? வெளிநாட்டுப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு பகுதி இருந்தால் டாலர் ஏறும்போது அதுவும் ஏறும். ஆனால் பங்குச் சந்தை விழுந்தால் அதுவும் விழும். ஆகவே கட்டணம் கட்ட இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

சரி, என் நண்பர் கதைக்கு வருகிறேன். தண்டையார்பேட்டைக்காரர், லேத் பட்டறை வைத்திருக்கிறார். 2024 ஜூலையில் மகளுக்கு 20,000 டாலர் கட்ட வேண்டும். காலையில் அவர் மனைவி போனில் விலை பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 83.50 என்று எழுதிப் பெருக்கினார். 16 லட்சத்து 70 ஆயிரம். கையில் 17 லட்சம் இருந்தது. நிம்மதியாகப் பாரிமுனைக்குப் பஸ் ஏறினார்கள், நோட்டும் மஞ்சள் பையுமாக.

கவுன்ட்டரில் சொன்ன விலை 84.90. இவர் போனைக் காட்டுகிறார். "சார், அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. உங்களுக்கு டிடி செல்லிங் ரேட்தான், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்கு வங்கி டாலர் விற்கும் விலை" என்றார் அந்தப் பையன். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஒரு ரூபாய் நாற்பது காசில் 28,000 ரூபாய் போயிற்று. மாற்றியதற்கு ஜிஎஸ்டி சுமார் 1,100. அப்புறம் டிசிஎஸ், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி வாங்கிக் கட்டும் வரி. அப்போது வரம்பு ஆண்டுக்கு 7 லட்சம், அதற்கு மேல் அனுப்பிய சொந்தப் பணத்துக்கு 5 சதவீதம். கிட்டத்தட்ட 50,000. அது வருமான வரிக் கணக்கில் கழியும், கூடுதலாக இருந்தால் திரும்பியும் வரும். ஆனால் அன்று கையிலிருந்து கட்டியாக வேண்டுமே! மொத்தம் பதினேழரை லட்சம். அக்கா அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, எழுதிய 83.50ஐ விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினார்கள்.

2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10 லட்சம். கல்விக் கடனாக வாங்கி அனுப்பும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. கடனைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல வேண்டும், நேரமில்லை. ஒன்று மட்டும். கடன் ரூபாயில்தான் அனுமதியாகும், தவணை தவணையாக அன்றன்றைய விலையில் போகும். இரண்டாம் ஆண்டில் டாலர் ஏறினால் துண்டு விழும்.

அந்த 28,000தான் என் மனதில் நிற்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், அளக்கும் படியைக் கண்ணில் காட்ட வேண்டாமா? அந்த வித்தியாசம் வங்கிக்கு வங்கி மாறுகிறது, கேட்டால் குறைக்கவும் செய்கிறார்கள். கேட்கத் தெரியாதவர் முழுசாகக் கொடுத்துவிட்டு வருகிறார். வடசென்னையில் ஒவ்வொரு கிளையிலும் அன்றைய டிடி செல்லிங் ரேட், அதில் வங்கி வைக்கும் கூடுதல், இரண்டையும் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, எந்த வங்கியில் என்ன விலை சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.