கணினிக்குத் தேதி தப்பினால்

நேயர்களுக்கு வணக்கம். கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். இன்று ஒரே ஒரு கோளாறைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இணையம் இருக்கிறது, வேகமும் இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்க மறுக்கிறது.

ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். பத்து வருஷம் ஓடிய கணினி. காலையில் கடை திறந்ததும் வங்கித் தளம், மின்னஞ்சல், அரசு விண்ணப்பத் தளம் எல்லாம் வரிசையாகத் திரையில் சிவப்பு எச்சரிக்கை காட்டுகின்றன. குரோமில் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று வருகிறது. விண்டோஸ் அப்டேட் போட்டால் `0x80072F8F` என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. வைரஸாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திரையின் வலது ஓரத்தைப் பார்த்தால் தேதி 2015 ஜனவரி 1.

தேதிக்கும் தளத்துக்கும் என்ன சம்பந்தம்? முகவரி https என்று தொடங்கும் ஒவ்வொரு தளமும் திறக்கும்போது முதலில் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் தளத்தின் பெயரோடு, இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று இரண்டு தேதிகளும் இருக்கின்றன. இந்த ஆண்டு மார்ச் 10 முதல் ஜூன் 8 வரை செல்லுபடியாகும் சான்றிதழ் என்று வையுங்கள். உங்கள் பிரவுசர் அதை எந்தத் தேதியோடு ஒப்பிடும்? கணினி கடிகாரம் சொல்வதோடுதான். கடிகாரம் 2015 என்று சொன்னால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது. பயணச்சீட்டைச் சோதிக்கும் நடத்துநரின் கையில் பழைய காலண்டர் இருப்பது மாதிரி. சீட்டு சரிதான், காலண்டர்தான் தப்பு. அப்டேட் சர்வருடன் பேசுவதும் இதே வழியில் என்பதால் அதுவும் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. விளையாட்டில் கூடுதல் உயிர் கிடைக்கும் என்று பிள்ளைகள் அம்மாவின் போனில் தேதியைச் சில மாதம் முன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். அப்போது பல சான்றிதழ்கள் காலாவதியானதாகத் தெரியும். பிளே ஸ்டோரில் எதுவும் இறங்காது, வங்கிச் செயலி திறக்காது. தானியங்கித் தேதி, நேரம் என்ற அமைப்பைத் திரும்ப ஆன் செய்தால் போதும், வேறு வைத்தியம் தேவையில்லை.

ஜெராக்ஸ் கடைக்கே வருவோம். தேதியைக் கையால் மாற்றினால் அன்றைக்கு வேலை நடக்கும். மறுநாள் காலை மீண்டும் 2015. காரணம், மதர்போர்டில் உள்ள சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. பெரும்பாலும் CR2032 என்ற எண் போட்ட, 3 வோல்ட் லித்தியம் செல். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவது இதனால்தான். சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை பவர் சப்ளையே கடிகாரத்துக்கும் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். நம் ஊரில் கடை மூடும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் இரவு முழுக்கச் சுமை அந்தச் செல்லின் மேல் விழுகிறது.

செல்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. நேரத்தைச் சரி செய்து கணினியை அணையுங்கள். ஒருநாள் இரவு சுவர் ஸ்விட்சை ஆனிலேயே விடுங்கள், மறுநாள் இரவு ஆஃப் செய்யுங்கள். முதல் காலையில் தேதி சரியாக இருந்து, இரண்டாவது காலையில் மட்டும் பின்னுக்குப் போயிருந்தால் செல் தீர்ந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம்: புதுச் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், இரண்டரைக்குக் கீழே போனதை வைத்திருக்க வேண்டாம். மாற்றும்போது மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள கூட்டல் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். இதற்காக ஃபார்மேட் செய்து காசு வாங்குவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இணையம் இருக்கிறதே, கணினி தானே நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளாதா? கேட்கும். ஆனால் விண்டோஸின் நேரச் சேவைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணினியில் வழக்கமான வரம்பு 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதற்கு மேல் போனால், வெளியிலிருந்து யாரோ தப்பான நேரம் தருகிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பொதுவாகத் திருத்த மறுத்துவிடும். ஆகவே முதலில் வருஷம், மாதம், நாள், அப்புறம் AM, PM இவற்றைக் கையால் வைத்துவிட்டு, அதன் பிறகு `Sync now` என்பதை அழுத்துங்கள்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். கணினி அமெரிக்க மேற்குக் கரை மண்டலத்தில் இருக்கிறது. கடைக்காரர் மணியை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைக்கிறார். திரையில் காலை பத்து, சுவர்க் கடிகாரத்திலும் பத்து. ஆனால் கணினி உள்ளுக்குள் கணக்கிடும் உலகப் பொது நேரம் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். சான்றிதழைச் சோதிப்பது அந்த உள் கணக்கை வைத்துத்தான். மண்டலம் `UTC+05:30 Chennai, Kolkata, Mumbai, New Delhi` என்று இருக்க வேண்டும்.

அரை நாள் பிசகினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கலாம். பெரும்பாலான தளங்கள் திறக்கத்தான் செய்யும். ஆனால் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு மாதம் பிந்திய கடிகாரத்தோடு முன்பு சமாளித்த கணினி இனி அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

எச்சரிக்கைப் பக்கத்தில் `Advanced` என்று அழுத்தி, பரவாயில்லை என்று உள்ளே போகும் வழியும் சில தளங்களில் இருக்கும். வங்கி விஷயத்தில் அதைத் தொடவே வேண்டாம். உங்கள் கடிகாரம் சரியாக இருந்து, ஒரே ஒரு தளம் மட்டும் இப்படிச் சொன்னால் கோளாறு அந்தத் தளத்தின் பக்கம். அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம், அல்லது நடுவில் யாரோ புகுந்திருக்கலாம். எல்லாத் தளமும் சொன்னால்தான் உங்கள் தேதியைச் சந்தேகிக்க வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் நிறைய தளங்கள் மறுக்கும் ஒரு நிலையும் உண்டு. பழைய மேக், பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். சான்றிதழ்களுக்குப் பின்னால், அவற்றை நம்பலாம் என்று உறுதி கொடுக்கும் மூலச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, அது கருவிக்குள்ளேயே பதிந்து வரும். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த அப்படிப்பட்ட ஒரு மூலம் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்கு அடுத்த மூலம் ஐஓஎஸ் 10-க்கும் மேக் ஓஎஸ் 10.12.1-க்கும் முந்தைய கருவிகளில் இல்லை. தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றலாம் என்று தோன்றும். செய்தால் மற்றத் தளங்களின் புதுச் சான்றிதழ்கள் பிறக்காதவையாகிவிடும், நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். பழைய மேக்கில் ஃபயர்பாக்ஸ் போட்டுப் பாருங்கள். அது மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தானே கையில் வைத்திருக்கிறது. மேக்கின் பட்டியலை நம்பி இருப்பதில்லை.