அறிவித்தல் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி

வணக்கம் நேயர்களே.

ஒருவருக்கு முறையான அறிவித்தல் அனுப்பும்போது அதைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும் ஒப்புகை அட்டையுடன் ஏன் அனுப்ப வேண்டும் என்பதையும், அதற்கான அத்தாட்சிகளை எவ்வாறு பேணிக்காக்க வேண்டும் என்பதையும் ஒரு சட்டத்தரணியாக இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அறிவித்தல்களில் பல வகை உண்டு. அவை எல்லாவற்றையும் தொடாமல், திருகோணமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் அடிக்கடி தேவைப்படுகின்ற ஒன்றை, அதாவது மாத வாடகையை முடிவுக்குக் கொண்டுவரும் அறிவித்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உப்புவெளியில் வசிக்கும் ஓர் அம்மாவுக்கு உட்துறைமுக வீதியில் ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாத வாடகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. மாதம் முதலாந் திகதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது. மகளின் குடும்பம் ஊருக்குத் திரும்பி வருவதால் அவருக்கு அந்த வீடு வேண்டும். நமது பொதுச் சட்டத்தின்படி இத்தகைய மாத வாடகையை முடிப்பதற்கு முழுமையான ஒரு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது ஒரு வாடகை மாதத்தின் முடிவில் காலாவதியாக வேண்டும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின் காரணமும் காலமும் வேறுபடும் என்பதால், வீடு அச்சட்டத்துக்குள் வருகிறதா என்பதை முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம். இந்த வீடு அதற்குள் வரவில்லை என்று கொள்வோம்.

அந்த அம்மா ஜூன் 24 ஆம் திகதி, ஜூலை 31 ஆம் திகதியன்று வீட்டை ஒப்படைக்கும்படி கடிதம் எழுதிச் சாதாரணத் தபாலில் போடுகிறார். குடியிருப்பவர் போகவில்லை. வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்கிறது. பிரதிவாதி, "எனக்குக் கடிதமே வரவில்லை" என்று சொல்லிவிட்டால், அந்த அம்மாவின் கையில் இருப்பது தன் வாய்ச்சொல் மட்டுந்தான். அதைவிட நுட்பமான மறுப்பு ஒன்றும் உண்டு. "கடிதம் வந்தது, ஆனால் ஜூலை மாதம் இரண்டாந் திகதிதான் வந்தது" என்று அவர் கூறலாம். அப்படியானால் ஜூலை மாதம் முழுவதும் அறிவித்தலுக்குள் அடங்கவில்லை. ஒரு மாதத்துக்குக் குறைந்த அறிவித்தல் செல்லாது என்ற வாதம் எழும். வழக்குத் தோற்றுப்போனால், புதிய அறிவித்தல் கொடுத்துப் புதிய வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒப்புகை அட்டையின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு, நீங்கள் எந்த நாளில், எந்த முகவரிக்கு, எந்த இலக்கத்தில் ஒரு கடிதத்தைத் தபாலகத்திடம் ஒப்படைத்தீர்கள் என்பதைச் சொல்லும். அது எப்போது, யார் கைக்குப் போனது என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. திரும்பி வரும் அட்டையிலுள்ள கையொப்பமும் திகதியுமே அதைச் சொல்கின்றன. ஜூன் 27 என்ற திகதியுடன் குடியிருப்பவரின் கையொப்பம் அந்த அட்டையில் இருந்தால், ஜூலை இரண்டாந் திகதி என்ற கதைக்கு இடமில்லை.

ஆனாலும் மூன்று நாள் இடைவெளியை நம்பி அறிவித்தல் எழுதுவதை நான் விரும்புவதில்லை. கடிதம் அவர் கைக்குக் கிடைத்த நாளே கணக்கில் எடுக்கப்படும் என்று கருதிச் செயற்படுவதுதான் பாதுகாப்பு. ஜூன் கடைசி வாரத்தில் அனுப்புகிறீர்களாயின் ஆகஸ்ட் 31 ஆம் திகதியைக் குறிப்பிடுங்கள். தபால் தாமதமானாலும், முதல் நாள் வீட்டில் ஆளில்லாமல் தபாற்காரர் மீண்டும் வர நேர்ந்தாலும், அறிவித்தல் பழுதடையாது. ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருப்பது, வழக்கைத் திரும்பத் தொடங்குவதோடு ஒப்பிடுகையில் ஒன்றுமே இல்லை.

நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 114 ஆம் பிரிவு, அலுவல்கள் வழமையான ஒழுங்கின்படி நடைபெற்றன என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் தருகிறது. 16 ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று, ஒரு கடிதம் ஒருவரைச் சென்றடைந்ததா என்ற கேள்வி எழும்போது, அது முறைப்படி தபாலிடப்பட்டது, திரும்பி வரவில்லை என்ற இரண்டு விடயங்களும் தொடர்புடைய சாட்சியங்கள் என்கிறது. ஆகவே அட்டை எங்காவது தவறிப்போனாலும், பற்றுச்சீட்டைக் காட்டி, கடிதம் என்னிடம் திரும்பி வரவில்லை என்று சத்தியம் செய்து சொல்வது வெறுமையான சாட்சியம் அல்ல. எனினும் அனுமானம் மறுக்கப்படக் கூடியது. கையொப்பமிட்ட அட்டையை மறுப்பது அத்தனை எளிதல்ல.

கடிதம் கிடைத்தது என்று நிரூபிப்பதால் இன்னொரு பயனும் உண்டு. 1948 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட சரவணமுத்து எதிர் டி மெல் என்ற வழக்கில், தொழில்முறைக் கடிதமொன்றில் குறிப்பிட்ட விடயங்களை உண்மை என்று ஒருவர் எழுதும்போது, அதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும் என்ற கொள்கை வலியுறுத்தப்பட்டது. பதில் எழுதாத மௌனம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். வாடகை நிலுவை இவ்வளவு என்று நீங்கள் எழுதி, அவர் ஒரு வார்த்தையும் பதில் எழுதவில்லையாயின், அந்த மௌனம் உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் கடிதமே கிடைக்காத ஒருவரின் மௌனத்துக்குப் பொருள் எதுவும் இல்லை.

எல்லாக் கடிதங்களும் கையொப்பத்தோடு முடிவதில்லை. "ஏற்க மறுத்தார்" அல்லது "பெற்றுக்கொள்ள வரவில்லை" என்பது போன்ற குறிப்புடன் சில உறைகள் திரும்பி வரும். அப்போது பலர் உறையைக் கிழித்துக் கடிதத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒட்டியபடியே திரும்பி வந்த அந்த உறை, அதன் மேலுள்ள தபால் முத்திரைகள், தபாற்காரரின் குறிப்பு, உள்ளே அப்படியே இருக்கும் கடிதம் ஆகிய எல்லாம் சேர்ந்தே சாட்சியமாகின்றன. நீதிமன்றத்தின் முன்னிலையில் திறக்கப்படும்வரை அதைத் திறக்காமல் வைத்திருங்கள். வேண்டுமென்றே வாங்க மறுத்தவர், தான் வாங்கவில்லை என்பதையே தன் பாதுகாப்பாக்கிக்கொள்வது கடினம். ஆனால் "இம்முகவரியில் இல்லை" என்று குறிப்பிடப்பட்டுத் திரும்பினால் கதை வேறு. அவர் உண்மையில் வேறெங்கோ போயிருக்கக்கூடும். நீங்கள் சரியான முகவரியைத் தேடிப் புதிதாக அனுப்ப வேண்டும். வீட்டு முகவரி, வேலைத்தல முகவரி என இரண்டு தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே இரண்டுக்கும் வெவ்வேறு பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. அட்டையில் வேறொருவர், உதாரணமாக வீட்டிலுள்ள தம்பியோ மாமியாரோ, கையொப்பமிட்டிருந்தால் அந்த வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதையாவது அது காட்டும்.

பற்றுச்சீட்டும் அட்டையும் ஓர் உறை போனதைத்தான் நிரூபிக்கின்றன. உறைக்குள் என்ன இருந்தது என்பதை நிரூபிப்பதில்லை. "வந்தது வெற்றுத் தாள்" என்று சொன்னவர்களும் உண்டு. அதனால் கடிதத்தின் தலைப்பில் "பதிவுத் தபால் மூலம்" என்றும் திகதியையும் எழுதுங்கள். கையொப்பமிட்ட மறுபிரதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உறையில் கடிதத்தை இட்டு ஒட்டுவதை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் நேரில் பார்க்கட்டும். தபாலகத்தில் கொடுத்து வந்தவரே அதை ஒட்டியவராகவும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் சாட்சிக் கூண்டில் நிற்பவர் ஒருவராகவே இருப்பார். பற்றுச்சீட்டு கிடைத்தவுடன், அதிலுள்ள இலக்கத்தை உங்கள் மறுபிரதியின் ஓரத்தில் மையால் எழுதிவிடுங்கள். அறிவித்தலின் பிரதியை நீதிமன்றத்தில் காட்ட, மூலத்தைக் கொண்டுவரும்படி எதிர்த்தரப்புக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியதில்லை என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் அறிவித்தல்களுக்கென்றே தரப்பட்டுள்ள விலக்காகும்; அந்தச் சலுகையும் நல்ல பிரதி ஒன்று உங்களிடம் இருந்தால்தான் பயன்படும்.

தபாலகத்தின் கவுண்டரை விட்டு விலகுமுன் மூன்று விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் பெறுநரின் பெயர் சரியாக எழுதப்பட்டுள்ளதா, திகதி முத்திரை தெளிவாகப் பதிந்துள்ளதா, ஒப்புகை அட்டை உறையுடன் இணைக்கப்பட்டு அதில் உங்கள் முகவரி எழுதப்பட்டுள்ளதா என்பவையே அவை. சிறிது காலத்தில் அட்டை திரும்பி வராவிட்டால் சும்மா இருக்க வேண்டாம்; பற்றுச்சீட்டின் பிரதியுடன் அதே தபாலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அந்தப் பதிவுக் கடிதம் எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். நாட்கள் கடந்தால் தபாலகத்தின் பதிவுகளைத் தேடி எடுப்பது கடினமாகிவிடும்.

இனி, பேணும் முறை. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் மெல்லிய தாளில் பற்றுச்சீட்டு அச்சிட்டுத் தரப்பட்டால், அது நீடித்து நிற்காது. நமது ஊரின் சூட்டில், யன்னலோரத்து அலுமாரியில், சில மாதங்களில் எழுத்து மங்கத் தொடங்கும். அதைப் பாதுகாக்கிறோம் என்று எண்ணி லமினேட் செய்தால், இயந்திரத்தின் வெப்பம் பட்டுத் தாள் முழுவதும் கறுத்துவிடும். எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினாலும் பசை எழுத்தைத் தின்றுவிடும். வாங்கிய நாளிலேயே சாதாரணத் தாளில் இரண்டு போட்டோப் பிரதிகள் எடுத்து, கைத்தொலைபேசியிலும் தெளிவான படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதியின் மேல் எடுத்த திகதியை எழுதுங்கள். மூலச்சீட்டை ஒரு காகித உறைக்குள் தனியாக, ஊசி குத்தாமல் வையுங்கள். கடற்கரைக் காற்றில் ஊசி துருப்பிடித்துத் தாளையும் கறையாக்கும். மறுபிரதி, பற்றுச்சீட்டு, அட்டை, திரும்பி வந்த உறை ஆகியவை எல்லாம் ஒரே கோவைக்குள் இருக்கட்டும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் நமது மாவட்டத்தில் எத்தனையோ. அதற்கு முந்திய இடப்பெயர்வுகளையும் நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரு பிரதித் தொகுதியை வேறொரு வீட்டில், உதாரணமாகத் தம்பலகாமத்திலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தம் தொடர்பான வழக்கை ஆறு ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் தொடர்பானதை மூன்று ஆண்டுகளுக்குள்ளும் தொடர வேண்டும். காணி தொடர்பில் பத்தாண்டு உடைமை என்ற கேள்வி எழலாம். எனவே வழக்கும் மேன்முறையீடும் முடியும்வரை, வழக்கே இல்லையானாலும் பத்தாண்டுகள்வரை, கோவையைக் களைய வேண்டாம். இதனோடு ஒன்றை மறந்துவிடாதீர்கள்: நீங்கள் அனுப்பும் அறிவித்தலும், அதை வாங்கியதாக அவர் இடும் கையொப்பமும் இந்தக் காலவரையறையை நிறுத்துவதில்லை. அட்டையிலுள்ள கையொப்பம் கடிதத்தை வாங்கியதற்கான ஒப்புதலேயன்றி, கடனை ஒப்புக்கொண்டதற்கான ஒப்புதல் அல்ல. நிலுவை வாடகையைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் அனுப்பிக்கொண்டே மூன்றாண்டைக் கடத்திவிட்டால், கோவை நிறைய அட்டைகள் இருந்தும் அந்தப் பணத்துக்கு வழக்கு வைக்க இயலாது போகும். ஆகவே கோவையின் முதல் பக்கத்தில், நிலுவை தொடங்கிய திகதியையும் அதிலிருந்து மூன்றாண்டு முடியும் திகதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.