நாளைக்கு இயற்பியல் தேர்வு: இன்று சாயங்காலத்திலிருந்து என்ன செய்யலாம்?

நேயர்களுக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்காக இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிற ஆசிரியை நான். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், படிச்சதெல்லாம் மறந்த மாதிரி இருக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்துடட்டுமா?"

முதலில் அந்த 'மறந்த மாதிரி'யைப் பார்ப்போம். பயம் வந்தால் உடம்பில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது கூடியிருக்கும் நேரத்தில், மனதில் ஏற்கெனவே பதிந்திருப்பதை வெளியே எடுப்பது கடினமாகிறது. பாடம் உள்ளேதான் இருக்கிறது. ஒரு படத்தையோ முதல் சமன்பாட்டையோ பார்த்ததும் மீதி வந்துவிடும். அதனால் இன்றிரவு செய்ய வேண்டியது, உள்ளே இருப்பதை நாளைக் காலை 10 மணிக்குச் சுலபமாக எடுக்கும்படி வைத்துக்கொள்வது. அதற்குத் தூக்கம் வேண்டும். ஆகவே தூக்கத்தின் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, படிப்பையும் சாப்பாட்டையும் அதைச் சுற்றி அமைப்போம்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஆறரைக்கு எழுகிறாள். நாளைக்கு இயற்பியல். இப்போது மணி சாயங்காலம் ஐந்து. அம்மா சொல்கிறார், "இன்னிக்கு ஒன்பது மணிக்கே படுத்துடு, நல்லா தூங்கி எழு." அப்பா சொல்கிறார், "வேண்டாம், பத்து மணிக்குப் படு, மூணு மணிக்கு எழுப்பி விடறேன்." இரண்டுமே அன்பினால் சொல்வதுதான். ஆனால் இரண்டுமே அவளுக்குப் பொருந்தாது.

ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு மூன்று மணி நேரம், உடம்பு நன்றாக விழித்திருக்கும். இஸ்ரேலைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி இதை 1980-களில் ஆராய்ந்து, அந்த நேரத்தைத் தூக்கம் புக முடியாத நேரம் என்றே குறிப்பிட்டார். வளரிளம் பருவத்தில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் ஓடும். ஆக, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கும் இந்தப் பெண் இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டிருப்பாள். "ஐயோ, தூக்கம் வரலையே, நாளைக்கு என்ன ஆகும்" என்ற புதுப் பயம் அங்கேதான் பிறக்கிறது. அவள் படுக்க வேண்டியது பதினொன்றுக்கு. வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால், அவ்வளவுதான்.

அப்பா சொன்ன மூன்று மணி? நம் வீடுகளில் விடியற்காலைப் படிப்புக்குப் பெரிய மரியாதை உண்டு. மாதக்கணக்காக ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழுகிற பிள்ளை தாராளமாக அதையே தொடரலாம். ஆனால் ஒரே ஒரு நாளைக்கு என்று தூக்கத்தின் பின்பாதியை வெட்டக் கூடாது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வருகிறது. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம் வருகிறது. படித்தது பதிவதில் இரண்டுக்குமே பங்கு உண்டு. மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளைக்கு, பதினொன்றரை மணி வாக்கில், தேர்வறையில் கணக்குப் போடும்போது கண் சொக்கும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறுவது, 10-இன் அடுக்கைத் தவறாக எழுதுவது எல்லாம் தூக்கம் குறைந்த மூளைக்குச் சாதாரணம். வழித்தோன்றல் முழுக்கச் சரியாக எழுதிய பிள்ளை கணக்கில் மதிப்பெண் விடுவது பல சமயம் இப்படித்தான்.

சரி, பதினொன்றுக்குப் படுக்கிறாள், ஆறு ஆறரைக்கு எழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஐந்து மணி. என்ன படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இரண்டு தொகுதியும் சேர்த்து 11 பாடம். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டப் பார்த்தால் மூன்றாவது பாடத்திலேயே எட்டு மணி ஆகிவிடும், பயமும் ஏறும். புத்தகத்தை மூடி வையுங்கள். வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மதிப்பெண் வழித்தோன்றல் ஒவ்வொன்றுக்கும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: படம், தொடங்கும் சமன்பாடு, கடைசிச் சமன்பாடு. மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் என்றால், இரண்டு மின்னூட்டமும் புள்ளியும் குறித்த படம், ஒவ்வொரு மின்னூட்டத்தாலும் வரும் புலம், இறுதியில் வரும் விடை. நடுவில் உள்ள படிகளை இன்றைக்கு எழுத வேண்டாம். முதலும் முடிவும் கையில் இருந்தால் நடுவில் உள்ளதை நாளைக்குக் கை தானே எழுதிவிடும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் போதும்.

ஏதாவது ஒன்று வரவில்லையா? உடனே பதற வேண்டாம். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள், மூடுங்கள், மறுபடி தாளில் எழுதுங்கள். அடுத்ததற்குப் போய்விடுங்கள். பார்த்துக்கொண்டே படிப்பதைவிட இப்படி மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுவது நன்றாக நிற்கும். எது வருகிறது, எது வரவில்லை என்பதும் உண்மையாகத் தெரியும். பார்த்துப் படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

இதுவரை தொடாத பாடம் ஒன்று இருந்தால் அதை இன்றைக்குத் தொடங்காதீர்கள். அதன் புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும். இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. வினாத்தாளின் அமைப்பே அப்படி. 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினா 15. இரண்டு மதிப்பெண்ணில் 9 கேட்டு 6 எழுதச் சொல்வார்கள், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே. இரண்டிலும் ஒவ்வொரு வினா மட்டும் கட்டாயம். ஐந்து மதிப்பெண் வினா ஐந்திலும் 'அல்லது' உண்டு. ஒரு பாடம் விட்டுப்போனதால் தேர்வே போய்விடாது.

ஏழேமுக்காலுக்குச் சாப்பாடு. இட்லி, தோசை, ரசம் சாதம், தயிர் சாதம், எது அந்த வீட்டில் வழக்கமோ அது. பயத்தில் இருக்கும்போது இரைப்பையின் வேலை மெதுவாகும், பெருங்குடலின் வேலை வேகமாகும். அதனால்தான் சிலருக்கு வயிறு கல் மாதிரி கனக்கிறது, சிலருக்கு நாலு தடவை கழிவறைக்குப் போக வருகிறது. அந்த வயிற்றில் பரோட்டா, பிரியாணி, கடையில் வாங்கிய புதுப் பண்டம் எதையும் போட வேண்டாம். "மூளைக்கு நல்லது" என்று யாராவது கொடுக்கும் புது லேகியமும் வேண்டாம்.

காபி, டீ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய வீடுகளில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிளாஸ்க்கில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறார்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதுக்குக் குடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது. தூங்கினாலும் தூக்கம் மேலோட்டமாகப் போகும். போதாக்குறைக்கு, காபி தரும் படபடப்பும் பயத்தின் படபடப்பும் நெஞ்சுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நாலு மணிக்கு ஒரு டம்ளர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் காலையில் குடிக்கிற பிள்ளைக்கு நாளைக் காலையும் கொடுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைவலிக்கும்.

தூக்கம் வர வேண்டும் என்று அலர்ஜி மாத்திரையோ சளி மருந்தோ கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மயக்கம் காலையிலும் நீடிக்கும். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால் அதை மட்டும் வழக்கம்போல் எடுக்க வேண்டும்.

சாப்பிட்டு எட்டரை முதல் ஒன்பதேமுக்கால் வரை ஒரு மதிப்பெண் வினாக்களும் சூத்திரங்களும். அப்புறம் புத்தகத்தைப் பையில் வைத்துவிடலாம். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், அளவுகோல், தண்ணீர் பாட்டில், எத்தனை மணி பஸ் என்பது எல்லாம் ராத்திரியே பார்த்தாக வேண்டும். போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் எழுப்பும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். பத்து மணிக்குமேல் வாட்ஸ்அப் குழுவில் வரும் "இது கண்டிப்பா வருமாம்" என்ற ஒரு செய்தி போதும், மொத்தத் தூக்கமும் போய்விடும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு தாளில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். எழுந்ததும் என்ன, எத்தனை மணிக்குக் கிளம்புவது, வினாத்தாள் வந்ததும் எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்று விவரமாக. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வரப்போகும் வேலைகளை எழுதிவிட்டுப் படுத்த இளைஞர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

அப்படியும் நெஞ்சு படபடத்தால், நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். மூச்சை விடும் நேரத்தில் இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். அதை நீட்டுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஐந்து நிமிடம் செய்தால் போதும். இருபது நிமிடத்துக்குமேல் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள்; கண் கனத்ததும் மறுபடி படுங்கள். கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்க முடிந்தது என்றாலும் தேர்வை எழுதிவிடலாம். அந்தப் பதற்றத்தில் முந்தின வாரத் தூக்கம் எல்லாம் வீணாகிவிடாது.

நான் இதுவரை சொன்னது சாதாரணப் பயத்துக்கு. பல நாளாகத் தூக்கமே இல்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி வருகிறது, "நான் இருந்து என்ன பயன்" என்பது போலப் பிள்ளை பேசுகிறது என்றால் அது வேறு. காலைவரை காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் 104-க்கோ, டெலி மானஸ் எண்ணான 14416-க்கோ அழையுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி பத்து மணிக்குமேல் "எல்லாம் முடிச்சிட்டியா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் எல்லாவற்றையும் முடித்திருக்காது. அந்தக் கேள்விக்கு அதனிடம் பதிலும் கிடையாது. டிவி சத்தத்தைக் குறையுங்கள், கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் வாசலிலோ மொட்டைமாடியிலோ பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும். தூக்கக் கலக்கம் போய்விடும். எட்டு மணிக்குள் இட்லி சாம்பார், முடிந்தால் ஒரு முட்டை. நெய்ப் பொங்கலும் பூரியும் தேர்வு முடிந்த பிறகு. நேற்று எழுதிய தாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பள்ளி வாசலில் கூட்டமாக நின்று ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்ததும் படிப்பதற்கென்று 10 நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் பேனா வேண்டாம். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் கட்டாய வினா எது, மீதி ஐந்தை எதிலிருந்து எடுப்பது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். 10:15-க்கு எழுதத் தொடங்கும்போது ஒரு மதிப்பெண்ணில் உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.