கன்னியாகுமரி லாட்ஜ் வெப்சைட்டில் ஜப்பானியக் கைப்பை விற்பது யார்?

[திரையில்: கூகுள் தேடல் முடிவுகள், லாட்ஜின் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது]

வணக்கம் மக்களே. முதலில் இந்தத் திரையைப் பாருங்கள். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜ். மாடியில் நின்றால் சூரிய உதயம் தெரியும். அந்த லாட்ஜின் வெப்சைட்டில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் எவை என்று கேட்டால் இதுதான் வருகிறது. முழுக்க ஜப்பானிய எழுத்து. கைப்பை, கைக்கடிகாரம், ஷூ, எல்லாம் தள்ளுபடி விலையில். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. லாட்ஜ்காரர் போட்டது மொத்தம் ஏழே பக்கம்தான்.

அவருக்கு போன் போட்டுச் சொன்னதும் வந்த பதில்: “இங்க நல்லாத்தான மக்கா தெறக்குது?”

அவர் சொன்னதும் உண்மைதான். அவர் போனில் வெப்சைட் நன்றாகத்தான் திறந்தது. அதே அறைப் படங்கள், அதே வாடகை, அதே வாட்ஸ்அப் பட்டன். அது எப்படி? வீடியோவை விட்டுப் போய்விடாதீர்கள், சுவாரசியமே அங்கேதான்.

அதற்கு முன் பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். சின்னத் தொழில் வெப்சைட்களில் ஏராளமானவை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. அதன் மேல் கூடுதல் வசதிகளுக்குப் பிளகின்கள், தோற்றத்துக்கு ஒரு தீம். இவற்றை அப்டேட் செய்வது, பேக்கப் எடுப்பது, யாராவது உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று பார்ப்பது, மாதக் கடைசியில் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுப்பது. இதற்கு மாதாமாதம் ஒரு தொகை. மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் என்போம், சிலர் ஏஎம்சி என்பார்கள். பாடம் முடிந்தது.

[திரையில்: இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில்]

இப்போது அந்த மாயம். உள்ளே நுழைந்தவன் உங்கள் பக்கங்களைத் தொடவே இல்லை. வந்து கேட்பது யார் என்று பார்த்துப் பதில் சொல்லும் ஒரு சின்ன நிரலை மட்டும் வைத்துவிட்டுப் போனான். முகவரியை நேரடியாகத் தட்டி வருகிறவருக்கு லாட்ஜ் தெரியும். கூகுளின் ரோபோ வந்தால் ஜப்பானியக் கைப்பைப் பக்கம் கிடைக்கும். கூகுள் முடிவைச் சொடுக்கி வருகிறவர் வேறெங்கோ இருக்கும் கடைக்குத் தள்ளப்படுவார். முன்வாசலில் உங்கள் போர்டு தொங்க, பின்வாசல் வழியாக வேறொருவன் அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். கூகுளே இதற்கு ஜப்பானியச் சொல் ஹேக் என்று பெயர் வைத்து, சுத்தம் செய்யும் வழியைத் தனிப் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு இது சகஜம்.

பல வருடப் பழக்கமுள்ள முகவரி என்பதால் கூகுளுக்கு உங்கள் மேல் ஒரு மதிப்பு இருக்கிறது பாருங்கள், அவன் திருடுவது அதைத்தான். உங்கள் கடவுச்சொல்லோ, பணமோ அவனுக்கு வேண்டாம். அதனால்தான் சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் குடியிருக்கிறான். ஒருவிதத்தில் ரசிக்கத்தான் தோன்றுகிறது, சரி, அதை விடுங்கள்.

உங்களுக்கும் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். வீடியோவை நிறுத்திவிட்டு கூகுளில் இதைத் தட்டுங்கள். முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

```
site:example.com
```

நீங்கள் போடாத பக்கம் ஒன்றாவது வந்தால் கமெண்டில் சொல்லுங்கள். முகவரியை மட்டும் எழுதாதீர்கள், ஊரே பார்க்கும்.

சரி, லாட்ஜுக்கு வருவோம். இது தெரிந்தது அக்டோபர் கடைசியில். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தொடங்கிவிடும், மகரவிளக்கு வரை அறை கிடைக்காது. அந்த நேரத்தில் இந்தக் கூத்து. எப்போது நுழைந்தான் என்று பார்க்க ஃபைல்களின் தேதியை நம்ப முடியாது, அதை எளிதாக மாற்றிவிடலாம். ஆனால் வெப்சைட் ஓனர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் எந்த நாட்டில் எத்தனை முறை உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தால் ஜூலை நடுவில் தரையோடு கிடந்த கோடு செங்குத்தாக ஏறுகிறது. திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி! அதைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன், லாட்ஜ்காரர் சிரிக்கவில்லை.

நுழைந்த வழி, படங்களை ஓடவிடும் ஒரு ஸ்லைடர் பிளகின். தினமும் வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டைத் திறந்து “அப்டேட் இருக்கிறதா” என்று பார்த்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. ஏனென்றால் அது தீமோடு சேர்ந்து வந்த பிளகின். தனியாக லைசென்ஸ் வாங்காததால் அப்டேட் அறிவிப்பே வராது. இது புதுக் கதையல்ல. 2014ல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினில் இருந்த ஓட்டை வழியாக இதே மாதிரிதான் வெப்சைட்களுக்குள் நுழைந்தார்கள். அதுவும் ஏகப்பட்ட தீம்களுக்குள் உட்கார்ந்திருந்தது, தங்களிடம் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் மட்டும் 11,000க்கு மேற்பட்ட முகவரிகளை கூகுள் தடைப்பட்டியலில் போட்டது.

ஆகவே காண்ட்ராக்ட் எடுப்பவர் முதல் மாதம் செய்ய வேண்டியது அப்டேட் பட்டனை அழுத்துவதல்ல, கணக்கெடுப்பு. என்னென்ன பிளகின், எது எங்கிருந்து வந்தது, எதற்கு லைசென்ஸ் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது. இந்தப் பட்டியலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் அவர் பார்ப்பது டேஷ்போர்டை மட்டும்தான்.

[திரையில்: காலண்டர், ஜூலை முதல் அக்டோபர் வரை]

இனி பேக்கப். இங்கே கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். “பேக்கப் தினமும் எடுக்கிறோம்” என்று, வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர்கள் சொன்னது பொய்யில்லை. தினமும் எடுத்தார்கள். பதினான்கு நாள் வைத்திருந்து பழையதை அழித்தார்கள். ஜூலையில் நுழைந்தவனை அக்டோபரில் கண்டுபிடித்தால், கையிலிருக்கும் பதினான்கு பேக்கப்பிலும் அவன் இருக்கிறான். எதைத் திரும்ப வைத்தாலும் அவனும் சேர்ந்தே வருவான். எனவே எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று கேட்டால் போதாது, எவ்வளவு பழையது கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். நான் வைக்கும் கணக்கு இது: தினசரி எடுப்பதில் இரண்டு வாரம், வாரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு மாதம், மாதத்துக்கு ஒன்று வீதம் ஒரு வருடம். இப்படி இருந்திருந்தால் ஜூன் கடைசிப் பிரதி சுத்தமாகக் கையில் இருந்திருக்கும். இதெல்லாம் வெப்சைட் ஓடும் அதே ஹோஸ்டிங் கணக்கில் இருக்கக் கூடாது, வேறிடத்தில் இருக்க வேண்டும். உள்ளே வந்தவன் பேக்கப் ஃபோல்டரையும் அழிக்கலாம் அல்லவா?

சுத்தமான பழைய பிரதி இருந்தாலும் அதை அப்படியே தூக்கி வைத்துவிடக் கூடாது. நான்கு மாதமாக வந்த புக்கிங் விசாரணைகளும் மாற்றிய வாடகையும் போய்விடும். வேர்ட்பிரஸில் நிரலும் படங்களும் ஃபைல்களாக இருக்கும், எழுத்தும் விசாரணைகளும் டேட்டாபேஸில் இருக்கும். ஃபைல்களைப் பழைய பிரதியிலிருந்து எடுத்து, டேட்டாபேஸை இன்றையதையே வைத்துச் சோதித்துச் சேர்க்கலாம். லாட்ஜுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கி, தீமை வாங்கிய இடத்திலிருந்தே எடுத்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரைச் சல்லடை போட்டோம்.

சல்லடை என்றால், வெப்சைட் ஓடும் சர்வரில் WP-CLI என்ற கருவியை வைத்துக்கொண்டு தட்டும் இந்தக் கட்டளைகள்தான்:

```
wp core verify-checksums
wp plugin verify-checksums --all
find wp-content/uploads -name "*.php"
```

முதல் இரண்டும் உங்கள் ஃபைல்களை அசலோடு ஒப்பிட்டு, மாறியதைச் சொல்லும். காசு கொடுத்து வாங்கிய பிளகின்களை மட்டும் இதில் சரிபார்க்க முடியாது, அவற்றின் அசல் வேர்ட்பிரஸ் கிடங்கில் இல்லை. மூன்றாவது, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நிரல் ஃபைல் இருக்கிறதா என்று தேடும். அங்கே index.php என்று ஒன்று வந்தால் உடனே பதறாதீர்கள், திறந்து பாருங்கள். <?php என்பதும் Silence is golden என்ற குறிப்பும் மட்டும் இருந்தால் அது சில பிளகின்கள் வைக்கும் அப்பாவி ஃபைல். எங்களுக்கு 2019ஆம் வருட ஃபோல்டருக்குள், அறைப் படங்களுக்கு நடுவே, படத்தின் பெயரையே வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

அது மட்டுமல்ல, சர்ச் கன்சோலின் உரிமையாளர் பட்டியலில் முகம் தெரியாத ஒரு மின்னஞ்சல்! அவன் தன்னையே ஓனராகச் சேர்த்திருந்தான். அதை நீக்கினால் மட்டும் போதாது. அவன் வைத்த உறுதிப்படுத்தும் ஃபைலையும், சர்வருக்கு உத்தரவு சொல்லும் .htaccess ஃபைலில் எழுதிய வரிகளையும் அழிக்காவிட்டால் மறுபடி ஓனராகிவிடுவான். கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினோம், ஸ்லைடரைத் தூக்கினோம். கூகுளில் அந்தப் பக்கங்கள் மறைய வாரங்கள் ஆயின. அதை யாராலும் ஒரே இரவில் செய்ய முடியாது. செய்வேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அப்டேட் பற்றி ஒன்றே ஒன்று. மாத காண்ட்ராக்ட் என்றால் பில் மாதத்துக்கு ஒருமுறை, வேலை அப்படியல்ல. ஓட்டை வெளியே தெரிந்த பின் தாக்குதல் தொடங்க மாதக் கடைசி வரை யாரும் காத்திருப்பதில்லை. பாதுகாப்பு அப்டேட்டை எத்தனை நாளில் போடுவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். போட்ட பிறகு விசாரணைப் படிவத்தில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, மெயில் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் “நன்றி” என்று திரையில் வரும், மெயில் வராது, ஓனர் சீசன் டல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ரிப்போர்ட்? ஒரு பக்கம் போதும். இருபது பக்கம் பச்சை டிக் போட்டு வருவது மென்பொருள் தானாகத் துப்புவது. எனக்கு வேண்டியது என்ன அப்டேட் ஆனது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை, கடைசியாக எந்தத் தேதி பேக்கப்பை வேறிடத்தில் திறந்து பார்த்தீர்கள், site: தேடலில் எத்தனை பக்கம், அட்மின் பட்டியலில் யார் யார். லாட்ஜுக்கு இப்போது ஏழு என்று வருகிறது. அடுத்த மாதம் எழுபது என்று வந்தால் அவரே போன் போடுவார், தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, எந்த காண்ட்ராக்டிலும் வராத ஒன்று. டொமைன், அதாவது உங்கள் வெப்சைட் முகவரி, யார் மின்னஞ்சலில் பதிவாகி இருக்கிறது? நம் மாவட்டத்தில் பாதி வெப்சைட் அண்ணன் மகனோ மருமகனோ போட்டுக் கொடுத்தது. அவன் இப்போது துபாயில் இருப்பான், ஓடிபி போவது அவன் விட்டுவிட்ட பழைய நம்பருக்கு. இன்று ராத்திரியே அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கால் போடுங்கள், நலம் விசாரித்த மாதிரியும் ஆயிற்று. அந்தக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றும் முறையை அடுத்த வீடியோவில் திரையோடு காட்டுகிறேன். சப்ஸ்கிரைப் செய்துவிட்டுப் போங்கள் மக்களே.