நோனிச் சாறும் கோதுமைப்புல் சாறும்: கிரியாட்டினின் கூடியவர்கள் குடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோயால் கிரியாட்டினின் 2.8 இருக்கிறது, டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். நோனிச் சாறு காலையும் இரவும் 60 மில்லி, கூடவே கோதுமைப்புல் சாறு குடித்தால் டயாலிசிஸ் வராது என்று சித்தப்பா பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? அம்மாவுக்குக் கல்லீரல் கொழுப்பு உண்டு, அவரும் குடிக்க விரும்புகிறார்.

பதில்: அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டிலைத் திறக்காமல் இருந்தால் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டில் இப்போது அப்பாவுக்குக் காய்களை நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்துவிட்டுத்தான் பொரியல் செய்வீர்கள். இளநீரையும் மருத்துவர் நிறுத்தியிருப்பார். எல்லாம் பொட்டாசியத்துக்காக. பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் ஏறிவிடும். நோனிச் சாற்றை ஆய்வகத்தில் அளந்து பார்த்து, 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிவிட்டார்கள். சிறுநீரகம் பழுதான ஒருவர் தாமாகவே நோனி குடித்துப் பொட்டாசியம் ஏறி வந்ததால் அளந்தார்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2,200 மில்லிகிராம் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சுச் சாறும் இளநீரும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆக, சித்தப்பா சொல்லும் 120 மில்லியில் 260 மில்லிகிராம் வருகிறது. இது பெரிய அளவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒன்றுமே இல்லை. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராம் என்று கட்டுப்படுத்தப்பட்டவருக்கு அது எட்டில் ஒரு பங்கு. காயை வடித்து மிச்சம் பிடித்ததை, பாட்டிலிலிருந்து மறுபடியும் ஊற்றுகிறீர்கள்.

இன்னொன்று, டெல்மிசார்டன். சிறுநீரகத்தைக் காக்கத்தான் கொடுக்கிறோம், ஆனால் அந்த மாத்திரைக்கே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் குணம் உண்டு. அதனால் சாறு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது சாற்றைத்தான். ஏற்கெனவே சில நாள் குடித்திருந்தால் இந்த வாரமே ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். 5.5-க்கு மேல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தளர்ந்துபோவது, நெஞ்சு படபடப்பது என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் இ.சி.ஜி. எடுக்கப் போய்விடுங்கள். பல பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இதயத் துடிப்பு தடுமாறும், அதுதான் இதில் பொல்லாத விஷயம்.

கோதுமைப்புல்லில் அளவு சிறியது, ஓர் அவுன்ஸில் பொட்டாசியம் அதிகமில்லை. ஆனால் பொடியாக்கி விற்பதில் எல்லாமே செறிந்துவிடும். ‘பச்சை ரத்தம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலையின் பச்சையத்துக்கும் நம் ஹீமோகுளோபினுக்கும் அமைப்பில் ஒரு சாயல் உண்டு, உண்மை. ஆனால் ஒன்றின் நடுவில் மக்னீசியம், மற்றதில் இரும்பு. குடித்த பச்சையம் ரத்தமாக மாறுவதில்லை. சிறுநீரக நோயில் ரத்தம் குறைவதே பெரும்பாலும், ரத்த அணுக்களை உண்டாக்கச் சொல்லிச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் குறைவதால்தான். புல் அதைச் சுரக்காது. ஈரத் தட்டில் வளரும் புல்லில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும், அதைப் பச்சையாகவே பிழிகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2005-இல் ஆஸ்திரியாவில் சிலருக்கு நோனி குடித்த பிறகு கடுமையான கல்லீரல் அழற்சி வந்தது. அதில் 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரத்தில் ஒன்றரை லிட்டர் குடித்திருந்தார். அவருக்குக் கல்லீரலே மாற்ற வேண்டியதாயிற்று. அவருக்கு முன்பே மருந்தால் கல்லீரல் பாதித்த வரலாறும் உண்டு. நோனிதான் குற்றவாளி என்பது உறுதிப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பிறகு சொன்னது. எனக்கும் நோனியை நஞ்சு என்று சொல்ல மனமில்லை. ஆனால் ஏற்கெனவே நொந்த கல்லீரலில் இந்தச் சோதனை எதற்கு?

விற்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: முதல் சில வாரங்களில் குமட்டும், அரிக்கும், அது ‘கழிவு வெளியேறுவது’, விடாமல் குடியுங்கள் என்று. இந்தப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். குமட்டலும் அரிப்பும் சோர்வும் கல்லீரல் அழற்சியின் முதல் குரலாகவும் இருக்கலாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ கண்ணின் வெள்ளை மஞ்சளானாலோ சாற்றை அன்றே நிறுத்தி, கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், சாறு மருந்தில்லை என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.