ஃபார்வர்டு ஆகும் டெக் சுருக்கத்தில் எவ்வளவு விவரம் இருக்கணும்?

[திரை: போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி, மேலே "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறி]

வணக்கம். சேலத்தில் உட்கார்ந்து சின்னத் தொழில்களுக்கு டெக், அதாவது ஸ்லைடு தொகுப்பு, தயாரித்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. 18 ஸ்லைடு செய்து முடித்துவிட்டு, அனுப்பும்போது மேலே ஐந்து வரியில் ஒரு சுருக்கம் எழுதுவோம் இல்லையா, அந்த ஐந்து வரியைப் பற்றித்தான் இந்த வீடியோ. டெக்கை எல்லோரும் திறப்பதில்லை. அந்த ஐந்து வரி மட்டும் கை மாறிக் கை மாறி, நாம் முகமே பார்க்காத ஒருவரிடம் போய்ச் சேரும். அங்கே அது என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

ஏற்காட்டில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே களத்தில் காபி காய வைக்கிறார்கள். பழம் பறித்து, தோல் உரித்து, கழுவிய பிறகு மேலே ஒரு மெல்லிய ஓட்டோடு இருக்குமே, பார்ச்மெண்ட் காபி, அதைத்தான் களத்தில் பரப்புவார்கள். டிசம்பரில் மலை மேல் பனிமூட்டம் இறங்கினால் மதியம் வரை வெயிலே இருக்காது, தூறல் வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், மூடி வைத்தது வேர்த்துவிட்டால் பூஞ்சை வாடை வந்துவிடும். அதனால் களத்துக்கு மேல் பாலித்தீன் கூடாரம் போட்டு, உள்ளே பரண் அடித்துக் காய வைக்கலாம் என்று ஒரு டெக் செய்தோம். அதோடு நான் அனுப்பிய சுருக்கம் இது.

[திரை: முதல் சுருக்கம்]

"சோதனை நல்லபடியாக முடிந்தது. உலர்த்துவது 40% குறைந்தது. ஆப்ஷன் பி-தான் சரி. செலவு 6.4 லட்சம். அடுத்த மாதத்துக்குள் முடிவு எடுத்தால் சீசனுக்கு முன்னாலேயே போட்டுவிடலாம்."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவர்களில் ஒரு பெரியவர் இதைச் சென்னையில் இருக்கிற மகளுக்கு அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் பணம் எடுத்துக் கொடுக்க வேண்டியது அவர்தான். அவர் படித்தது இப்படி: வேலை முடிந்துவிட்டது, செலவில் 40% மிச்சம், நம் பங்கு 6.4 லட்சம். மூன்றுமே தப்பு, ஆனால் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றுமே நியாயமான வாசிப்பு. "அப்பா, இவ்வளவு பணம் நம்மால் முடியாது" என்று பதில் வந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது, அதற்குள் கூடாரம் போடுகிறவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இதைக் கேட்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் விவரம் சேர்க்கலாம் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பரண் எத்தனை அடுக்கு, பாலித்தீன் எத்தனை மைக்ரான், காபியை எத்தனை அங்குலம் கனத்தில் பரப்புவது என்று 20 வரி. அதைப் படித்தாலும் அந்த மகள் தன் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடித்திருக்க முடியாது. அதில் இல்லாமல் போனது வேறு ஏதோ.

இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன கேள்வி கேட்பார்? அது எது, யாருடையது, எவ்வளவில், எப்போது என்கிற வகைக் கேள்வி என்றால் பதில் சுருக்கத்திலேயே இருக்க வேண்டும். எப்படிச் செய்தீர்கள் என்கிற வகை என்றால் அதை டெக்குக்கு விட்டுவிடலாம். முதல் வகைக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் படிப்பவர் நிற்கமாட்டார், தானே ஒரு பதிலைப் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவார். இரண்டாவது வகை என்றால், வேண்டும் என்கிறவர் டெக்கைத் திறந்து பார்ப்பார்.

அந்தப் பழைய சுருக்கத்தையே வரி வரியாகப் பாருங்கள்.

[திரை: "40%" மட்டும் பெரிதாக]

40% எதில்? நாளில். 15 நாள் காய்ந்தது 9 நாளில் காய்ந்தது. அப்படியானால் சதவீதமே வேண்டாம், "15 நாளுக்குப் பதில் 9 நாள்" என்று எழுதினால் அதைச் செலவு என்று யாராலும் படிக்க முடியாது. இங்கே ஒரு விவரத்தில் ரொம்ப நேரம் யோசித்தேன். காய்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஈரப்பதத்தை வைத்து. பார்ச்மெண்ட் காபி 10, 11 சதவீதத்துக்கு வர வேண்டும். அந்த எண்ணைச் சுருக்கத்தில் போட்டால் சென்னையில் இருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. போடாமலே விட்டால், வெளியே காய்ந்ததும் உள்ளே காய்ந்ததும் ஒரே பக்குவத்துக்கு வந்ததா என்று காபி வாங்குகிறவர் சந்தேகப்படுவார். அதனால் "ஒரே ஈரப்பதம் வரும்வரை" என்று மட்டும் வைத்தேன். எண் 7-வது ஸ்லைடில் இருக்கிறது.

அப்புறம், ஒப்பிடுகிற எண்ணுக்கு உள்ள வரம்பும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். கடைசியில் தனியாக "குறிப்பு" என்று போட்டால், காப்பி பேஸ்ட் செய்கிறவர் அதை விட்டுவிட்டுத்தான் எடுப்பார். நாங்கள் ஒரே ஒரு முறை, 300 கிலோவில் பார்த்தோம். அது எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும்.

"அடுத்த மாதம்" என்பது இன்று அனுப்பினால் ஒரு மாதம், மூன்று வாரம் கழித்து ஃபார்வர்டு ஆனால் வேறு மாதம். "ஆப்ஷன் பி" டெக்குக்கு வெளியே ஒன்றுமே இல்லை. "முடிந்தது" என்ற சொல்தான் இருப்பதிலேயே ஆபத்து, சோதனை முடிந்ததா, வேலை முடிந்ததா?

[திரை: புதிய சுருக்கம், மெதுவாக ஒவ்வொரு வரியாக]

"2024 ஆகஸ்ட் 12. ஏற்காடு பொதுக் களத்துக்குப் பாலித்தீன் கூடாரம்: முன்மொழிவு, இன்னும் முடிவாகவில்லை. நான்கு குடும்பங்களும் சேர்ந்து மொத்தம் 6.4 லட்சம், குடும்பத்துக்கு 1.6 லட்சம், ஒப்புதல் கேட்கிறோம். செப்டம்பர் 10-க்குள் சொன்னால் நவம்பர் பறிப்புக்கு முன் போட்டுவிடலாம். 2023 டிசம்பரில் 300 கிலோவில் ஒரு முறை பார்த்ததில், ஒரே ஈரப்பதம் வரும்வரை களத்தில் 15 நாள் ஆனது கூடாரத்தில் 9 நாள் ஆனது. வேண்டாம் என்றால் இந்த சீசனும் தார்ப்பாய்தான்."

முதல் சுருக்கத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம், பரவாயில்லை. ஆனால் முதல் இரண்டு வாக்கியம் மேலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் வெட்டி "மேலும் படிக்க" என்று காட்டும். அதுவரை படித்தவருக்கும் இது முடிவாகவில்லை, இது ஏற்காட்டுக் களம் என்று தெரிந்தாக வேண்டும்.

வேண்டுமென்றே விட்டது ஒன்று உண்டு. கூடாரம் போடுகிறவர் பேசினால் இன்னும் 50,000 குறைப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் அதுதான் முக்கியமான பேச்சே. ஃபார்வர்டு ஆகிறது அவர் கைக்கும் போகலாம், அதனால் அது சுருக்கத்திலும் இல்லை, டெக்கிலும் இல்லை. வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியது.

[திரை: போன், ஒரு பதில் செய்தி]

அனுப்புவதற்கு முன், இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத என் அத்தை மகனுக்கு, எதுவும் சொல்லாமல், இதை மட்டும் அனுப்பினேன். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் பதில் போட்டார்: "சரி மாப்ளே, 1.6 லட்சம் புரியுது. காத்துல பாலித்தீன் கிழிஞ்சா என்ன செய்வாங்க?"

அது 14-வது ஸ்லைடில் இருக்கிறது. சுருக்கத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.