சுவிட்ச்ச ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். நெட்வொர்க் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, ரேடியோல படம் போட்டு காட்ட முடியாதே, என்னத்த பேசுறதுன்னு யோசிச்சேன். அதனால கல்யாண மண்டபத்துலேந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்.

எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க போனோம். மேனேஜர் "ஜெனரேட்டர் இருக்குங்க, கவலையே வேணாம்"னாரு. நான் சும்மா இல்லாம "மெயின கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன், பாக்கலாம்"னேன். அக்கா என்னைய முறைக்குது. மனுஷன் வேண்டாவெறுப்பா ஆஃப் பண்ணாரு, ஜெனரேட்டர் ஜம்முனு ஸ்டார்ட் ஆச்சு, ஹால்ல லைட் எரியுது, ஏசி ஓடுது, ஆனா சமையக்கட்டு கும்மிருட்டு, தண்ணி மோட்டாரும் ஓடல. அந்த ரெண்டையும் ஜெனரேட்டர் லைன்ல சேக்கவே இல்ல. அந்த மண்டபம் கட்டி எத்தனையோ கல்யாணம் ஆயிருக்கு, மேனேஜருக்கே அன்னைக்குதான் தெரியும்.

என் பொழப்பும் அதேதான். நான் ஆஃப் பண்ணிப் பாக்குறது கோர் சுவிட்ச்.

கோர் சுவிட்ச்னா என்னன்னு கேப்பீங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரிய எடுத்துக்கங்க. ஒவ்வொரு மாடிலயும் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி இருக்கும், அந்த மாடில இருக்குற கம்ப்யூட்டர், போன் எல்லாம் அதுல வந்து சேரும். எல்லா மாடிப் பெட்டியும் கீழ ஒரு ரூம்ல இருக்குற பெரிய பெட்டிக்கு வந்து சேரும், அதுதான் கோர். அது நின்னா மொத்த கட்டடமும் நிக்கும்ங்கறதால ரெண்டு கோர் வெப்பாங்க, ஒவ்வொரு மாடிலேந்தும் ரெண்டுக்கும் ஒவ்வொரு கேபிள் போகும். ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும். பேப்பர்ல ரொம்ப அழகா இருக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, இத நான் இன்னைக்கு ரெண்டு மூணு தடவ சொல்லுவேன், கோச்சுக்காதீங்க. எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குற எடத்துல முதல் பழுது சத்தமே போடாது. ஒரே கேபிள் இருந்து அது அறுந்தா அடுத்த நிமிஷம் போன் வரும். ரெண்டு இருந்து ஒண்ணு அறுந்தா யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாம் ஓடிட்டுதான இருக்கு! மிச்சம் இருக்குற ஒண்ணும் போகுற அன்னைக்குதான் தெரியும். அதனாலதான் நாமளே நேரம் குறிச்சு, சொல்லிட்டு, புடுங்கிப் பாக்கணும்ங்கறேன்.

ஒரு ஆஸ்பத்திரில பண்ணத சொல்றேன், பேர் வேணாம். சனிக்கிழம ராத்திரி ஒரு மணிலேந்து நாலு மணி வரைக்கும் டைம் குடுத்தாங்க. மூணு மணிக்கு மேல புதுசா எதையும் தொடக்கூடாதுன்னு நாங்களே ஒரு கோடு போட்டுக்கிட்டோம், ஏன்னா கடைசி ஒரு மணி நேரம் பழைய நெலமைக்கு கொண்டு வர்றதுக்கு வேணும். எமர்ஜென்சிலயும் லேப்லயும் பேப்பர் ஃபாரம் எடுத்து வெச்சுட்டாங்க. நைட் ட்யூட்டி சிஸ்டர் ஒருத்தங்க என் நம்பர வாங்கி கையிலயே எழுதி வெச்சுக்கிட்டாங்க, அவங்கதான் அன்னைக்கு எங்களோட பெரிய அலாரம், அப்புறம் சொல்றேன்.

புடுங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா பாக்குற வேலை. எந்த லைட் எரியுது, எந்த கேபிள் எங்க போகுது, எல்லாத்தையும் எழுதுறது. சுவிட்ச்ல அப்பப்ப மாத்துன செட்டிங் எல்லாம் சேவ் ஆயிருக்கான்னு பாக்குறது, ஏன்னா சேவ் பண்ணாம ஆஃப் பண்ணா அது என்னைக்கோ சேவ் பண்ண பழைய செட்டிங்கோட எந்திரிக்கும், அப்புறம் உக்காந்து அழணும். இந்த அரை மணி நேரத்துலயே ஒண்ணு மாட்டுச்சு. நாலாவது மாடிலேந்து ரெண்டாவது கோருக்கு வர்ற கேபிள்ல லைட்டே இல்ல. கேட்டா மூணு மாசம் முன்னாடி அங்க பெயின்ட் அடிச்சாங்களாம், அப்ப எவரோ கழட்டிருக்காங்க, திரும்ப சொருகிட்டோம். மூணு மாசமா அந்த மாடி ஒத்தக் கால்ல நின்னுருக்கு, ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல. சொன்னேன்ல, சத்தமே போடாது.

அப்புறம் பிங். இதுக்கு படம் வேணாம், ஈசி. லேப்டாப்லேந்து சர்வர பாத்து செகண்டுக்கு ஒரு தடவ "இருக்கியா?"ன்னு கேக்குறோம், அது "இருக்கேன்"னு சொல்லும். எத்தன தடவ பதில் வரலயோ கிட்டத்தட்ட அத்தன செகண்ட் லைன் இல்லன்னு அர்த்தம். ஒவ்வொரு மாடிலயும் ஒரு லேப்டாப்ப இப்படி ஓட விட்டோம். இது இல்லாம புடுங்குனா "ஏதோ லைட்டா தடுமாறுச்சு சார்"னுதான் ரிப்போர்ட் எழுத முடியும்.

முதல்ல முதல் மாடி. முதல் கோருக்கு போற கேபிள புடுங்குனோம், ஒரே ஒரு பதில் மிஸ், அவ்ளோதான். எல்லாரும் கை குலுக்கிக்கிட்டோம். அடுத்து ரெண்டாவது மாடி, புடுங்குனா பதிலே வரல. பத்து செகண்ட், இருபது செகண்ட், என் கூட இருந்த பையன் கேபிள திருப்பி சொருக கைய கொண்டு போறான், "இருடா"ன்னு புடிச்சுக்கிட்டேன். சரியா முப்பது செகண்ட், திரும்ப வந்துருச்சு.

இந்த முப்பது எங்கேந்து வந்துச்சுன்னா, ரெண்டு கேபிள் ஒரே நேரத்துல ஓடுனா டேட்டா வட்டம் சுத்த ஆரம்பிச்சு மொத்த நெட்வொர்க்கும் படுத்துரும், அதனால ஸ்பேனிங் ட்ரீன்னு ஒண்ணு ஒரு கேபிள மூடி வெச்சிருக்கும். ஓடுறது செத்தா மூடினத தொறக்கும். ஆனா பழைய முறைல இது தொறக்குறதுக்கு முன்னாடி பதினஞ்சு செகண்ட் காது குடுத்து கேக்கும், இன்னொரு பதினஞ்சு செகண்ட் யார் யார் எங்க இருக்காங்கன்னு கத்துக்கும், அப்புறம்தான் வழி விடும். புது முறைல ஒண்ணு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுரும். அந்த மாடில மட்டும் எப்பவோ சுவிட்ச் கெட்டு ஸ்டோர்ல கெடந்த பழசு ஒண்ண மாட்டிருக்காங்க, அது பழைய முறைலயே ஓடிட்டு இருந்துச்சு. பில்லிங் கம்ப்யூட்டருக்கு முப்பது செகண்ட் பெருசு இல்ல, ஆனா போன்ல பேசிட்டு இருக்குற டாக்டர் லைன் கட்டாயிரும்.

சரி, இப்ப பெரிய விஷயம். ரெண்டு மணி பத்து நிமிஷம், முதல் கோர ஆஃப் பண்ணணும். எப்படி ஆஃப் பண்றதுங்கறதுலயே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நெறைய பேர் கமாண்ட் குடுத்து நிறுத்துவாங்க. அப்படி நிறுத்துனா அந்த பெட்டி "நான் கெளம்புறேன், நீ பாத்துக்க"ன்னு பக்கத்துப் பெட்டிட்ட சொல்லிட்டு போகவும் வாய்ப்பு இருக்கு. நெசத்துல பவர் போறப்ப எந்தப் பெட்டி சொல்லிட்டு போகுது? அதனால நான் பவர் வயரதான் புடுங்குவேன், பின்னாடி இருக்குற ரெண்டு வயரையும்.

புடுங்குனோம். ரெண்டு கோரும் மூணு செகண்டுக்கு ஒரு தடவ "நான் இருக்கேன்"னு சொல்லிக்கும், பத்து செகண்ட் சத்தம் இல்லன்னா ரெண்டாவது பொறுப்ப எடுத்துக்கும். அப்ப ஏழுலேந்து பத்து செகண்டுக்குள்ள வரணும், இத முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சிருந்தோம். அந்தப் பழைய சுவிட்ச் இருக்குற ரெண்டாவது மாடி தவிர மத்ததெல்லாம் எட்டு செகண்ட்ல வந்துச்சு. சந்தோஷம்.

அப்ப போன். சிஸ்டர். "சார், லேப் ரிப்போர்ட் எதுவும் தொறக்க மாட்டேங்குது."

ஓடிப் போய் பாத்தா, லேப் சர்வர்ல ரெண்டு கேபிள் இருக்கு, பக்காவா லேபிள் ஒட்டி, ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். ரெண்டும் போறது ஒரே கோருக்கு! நாங்க ஆஃப் பண்ண அதே கோருக்கு. மண்டபத்து சமையக்கட்டு ஞாபகம் வருதா? பையன் உடனே கோர ஆன் பண்ணலாம்னான். வேணாம்னேன், லேப் பேப்பர்ல ஓடிட்டு இருக்கு, நேரமும் இருக்கு. ரெண்டாவது கோர்ல ஒரு போர்ட்ட லேப்புக்குன்னு செட் பண்ணி மஞ்சள் கேபிள அதுல மாத்துனோம், ரிப்போர்ட் தொறந்துச்சு. ஆன் பண்ணிருந்தா அது தானா சரியாயிருக்கும், நாங்களும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டுருப்போம்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், நெறைய பேர் இங்கதான் கோட்ட விடுவாங்க. ஆஃப் பண்ணியாச்சு, தாங்கிருச்சு, டெஸ்ட் பாஸுன்னு டீ குடிக்க போயிருவாங்க. திரும்ப ஆன் பண்றதும் டெஸ்ட்தான். ரெண்டரைக்கு பவர் குடுத்தோம். பெரிய பெட்டி, எந்திரிக்க ஆறு நிமிஷம் ஆச்சு. எந்திரிச்ச உடனே எல்லா மாடிலயும் பிங் நின்னுருச்சு. ஆஃப் பண்ணப்ப எட்டு செகண்ட், ஆன் பண்ணப்ப நாப்பது செகண்டுக்கு மேல!

காரணம் என்னன்னா, முதல் கோர் எந்திரிச்ச உடனே "நான்தான் பெரியவன், பொறுப்ப குடு"ன்னு வாங்கிக்கும்படி செட் பண்ணிருக்காங்க. அதுவும் வாங்கிருச்சு. ஆனா வெளிய போற வழி எதுன்னு ரவுட்டர்ட்டேந்து அது இன்னும் கேட்டு முடிக்கல. மாடிலேந்து எல்லா டேட்டாவும் அதுட்ட வருது, அதுக்கு எங்க அனுப்புறதுன்னு தெரியல, அப்படியே கீழ போடுது. பக்கத்துல வழி தெரிஞ்ச ரெண்டாவது கோர் சும்மா நிக்குது. லீவுல போய் வந்த மேனேஜர் கதவ தொறந்ததும் சாவிய வாங்கிக்கிட்டா எப்படி இருக்கும், அதே கூத்து. இதுக்கு ப்ரீஎம்ப்ட் டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கு, எந்திரிச்சதும் இவ்ளோ நேரம் பொறுத்துட்டு அப்புறம் பொறுப்ப வாங்குன்னு சொல்றது. மூணு நிமிஷம் வெச்சோம். திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்தாதான அது வேலை செய்யுதான்னு தெரியும், அப்ப மணி ரெண்டு அம்பது, பத்து நிமிஷத்துல எங்க கோடு வருது. ஆச தாங்கல, ஆனா தொடல. அடுத்த மாசம் பண்ணோம், திரும்ப வர்றப்ப ஒரு பதில் கூட மிஸ் ஆகல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு வெரல காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். ஃபைபர் கேபிள் பத்தி கால் மணி நேரம் பேசலாம்னு வந்தேன், சுருக்கிடுறேன். ஃபைபர்ல போக ஒரு இழை, வர ஒரு இழை, ரெண்டையும் சேத்து புடுங்குனா சுவிட்ச்சுக்கு ஒடனே தெரியும், ஒரு இழைய மட்டும் புடுங்கிப் பாருங்க, நடுவுல ஃபைபர சாதா கேபிளுக்கு மாத்துற மீடியா கன்வெர்ட்டர் பெட்டி இருந்தா சில நேரம் ரெண்டு பக்கமும் லைட் எரிஞ்சுட்டே இருக்கும், ஆனா டேட்டா போகாது. அதுக்கு தனி செட்டிங் வேணும். ரெண்டாவது, முதல் கோர ஆஃப் பண்ணி பாத்தா பாதி வேலைதான் முடிஞ்சது, ரெண்டாவதையும் ஆஃப் பண்ணணும், அதுல மட்டும் தொங்கிட்டு இருக்குற சாமான் அப்பதான் வெளிய வரும். மூணாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கோர் தாங்குனா பகல் பதினோரு மணி கூட்டத்தையும் தாங்கும்னு அர்த்தம் இல்ல, அதுக்கு பகல்ல ரெண்டு கோர்லயும் எவ்ளோ டேட்டா ஓடுதுன்னு எடுத்து கூட்டிப் பாக்கணும், அந்தக் கூட்டுத்தொக ஒரு கோரோட அளவுக்குள்ள வரணும்.

இப்ப ஒரு வெரல் ஆயிருச்சு. அந்த மண்டபத்துல கல்யாணம் நடந்துச்சு, சமையக்கட்டுக்கு தனியா லைன் இழுத்து குடுத்தாரு மேனேஜர், பில்லுல அதையும் சேத்துட்டாரு, அது வேற கத. நன்றி, வணக்கம்.